அரிப்பா, வாடையா? கேண்டிடா தொற்றும் பாக்டீரியல் வஜைனோசிஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளைப்படுது டாக்டர், மெடிக்கல்ல என்ன மாத்திரை கேட்டு வாங்கட்டும்?

வாங்குவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். உங்களைப் படுத்துவது அரிப்பா, வாடையா?

அரிப்புதான் என்றால், அதுவும் ராத்திரி தூங்க விடாத அரிப்பு, சிறுநீர் கழிக்கும்போது வெளிப்பக்கத் தோலில் பட்டுச் சுரீர் என்று எரிகிறது, வெள்ளை கட்டிகட்டியாகத் திரிந்த பால் போல இருக்கிறது, ஆனால் வாடை பெரிதாக இல்லை என்றால் அது கேண்டிடா என்ற பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். வாடைதான் பிரச்சினை, கருவாடு மாதிரி ஒரு நெடி, கணவருடன் சேர்ந்த பிறகும் மாதவிலக்கு முடியும் நாட்களிலும் அது கூடுகிறது, படுவது நீர்த்த பால் மாதிரி சாம்பல் கலந்த வெள்ளையாக இருக்கிறது, அரிப்பு இல்லை அல்லது கொஞ்சம்தான் என்றால் அது பாக்டீரியல் வஜைனோசிஸ் பக்கம் போகிறது. நாங்கள் சுருக்கமாக பி.வி. என்போம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

ஆனால் இது ஊகம்தான். அமெரிக்காவில் 2002இல் வெளியான ஓர் ஆய்வில், தங்களுக்குப் பூஞ்சைதான் என்று முடிவு செய்து கடையில் தாங்களாகவே மருந்து வாங்கிய பெண்களைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் பூஞ்சைத் தொற்று மட்டும் இருந்தது. மற்றவர்களுக்கு பி.வி., இரண்டும் சேர்ந்தது, வேறு தொற்று, சிலருக்கு ஒன்றுமே இல்லை. முன்பே ஒருமுறை வந்து அனுபவப்பட்டவர்களும் அதே அளவு தவறியிருந்தார்கள். அதனால் முதல்முறை வருகிறது என்றால் ஒருதடவை காட்டிவிட்டு மருந்து எடுங்கள்.

வெள்ளைப்பட்டா எலும்பு உருகி வெளிய வருதுன்னு எங்க அம்மாச்சி சொல்றாங்க, நிஜமா?

இல்லை. எலும்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தப் பயத்தோடு வருகிற பெண்கள் வாரத்துக்கு ரெண்டு பேராவது உண்டு, அதில் பாதிப்பேருக்கு நோயே இருக்காது. யோனியின் சுவரும் கருப்பை வாயும் தினமும் கொஞ்சம் திரவத்தைச் சுரக்கத்தான் செய்யும். மாதவிலக்குக்கு இடைப்பட்ட நாட்களில், அதாவது கருமுட்டை வெளிவரும் சமயத்தில், அது முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பாக, நூல் இழுக்கிற மாதிரி இருக்கும். கர்ப்பத்தில் அளவு கூடும். உள்ளாடையில் காய்ந்தால் லேசாக மஞ்சளாகத் தெரியும். அரிப்பு, எரிச்சல், கெட்ட வாடை, நிறமாற்றம், வலி எதுவும் இல்லையென்றால் அது உடம்பு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்வது, அதற்கு மருந்து வேண்டாம். இடுப்பு வலியும் சோர்வும் இருந்தால் ரத்தசோகை இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும், அதை வெள்ளைப்படுதலின் தலையில் போடக்கூடாது.

ரெண்டுமே தொற்றுதானே, அப்புறம் என்ன பெரிய வித்தியாசம்?

ஒன்று உள்ளே இருந்த ஒரு பூஞ்சை எல்லை மீறிப்போவது. மற்றொன்று உள்ளே காவலுக்கு இருந்தவர்கள் காணாமல் போவது. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மருந்து ஏன் வேறு என்பது தானாகப் புரிந்துவிடும், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

குழந்தை பெறும் வயதில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் யோனிச் சுவரின் செல்களில் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சத்தைச் சேர்த்து வைக்கிறது. அந்தச் சத்தை நம்பி லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியா அங்கே குடியிருக்கிறது. தயிரில் பாலைப் புளிக்க வைக்கிற பாக்டீரியாவுக்கு உறவுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர் லாக்டிக் அமிலத்தைச் செய்து அந்த இடத்தைப் புளிப்பாக வைத்திருப்பார். அந்தப் புளிப்பை பிஎச் என்ற அளவில் சொன்னால் 3.8இலிருந்து 4.5 வரை. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். ரத்தம் 7.4, விந்து அதைவிடச் சற்று மேலேயும் கீழேயும் இருக்கும், ஆகவே இரண்டுமே புளிப்பை நீர்க்கச் செய்பவை.

பி.வி.யில் இந்த லாக்டோபேசில்லஸ் குறைந்து, ஆக்சிஜன் இல்லாமல் வாழ்கிற பாக்டீரியாக்கள் பல வகை சேர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கார்ட்னரெல்லா அதில் முக்கியமானது, பிரிவோடெல்லா போல இன்னும் பலவும் உண்டு. இவை சேர்ந்து சுவரின் மேல் ஒரு படலமாக ஒட்டிக்கொள்கின்றன, குளத்துப் படிக்கட்டில் பாசி பிடிக்கிறதே அப்படி. புளிப்பு போய் பிஎச் 4.5க்கு மேல் ஏறிவிடும். ஆனால் உடம்பு இதைப் பெரிய சண்டையாக எடுத்துக்கொள்வதில்லை, வீக்கமும் சிவப்பும் அதிகம் வராது, அதனால்தான் அரிப்பும் குறைவு. பாதிப்பேருக்கு எந்த அறிகுறியுமே இருக்காது.

கேண்டிடா நேர் எதிர். அதற்குப் புளிப்பு ஒரு தொல்லையே இல்லை, லாக்டோபேசில்லஸ் நன்றாக இருக்கும்போதும் அது ஓரமாக வாழும். நலமாக இருக்கிற பெண்களிலேயே பத்தில் ஒருவர் இருவரிடம் அது இருக்கும், ஒன்றும் செய்யாது. சர்க்கரை கூடுவது, கர்ப்பம், ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு என்று ஏதாவது ஒரு காரணத்தால் அது பெருகி, உருண்டை வடிவத்திலிருந்து நீளமான இழைகளாக மாறும்போதுதான் சிக்கல். அந்த இழைகள் சுவரின் செல்களுக்குள் நுழைகின்றன, செல்லைத் துளைக்கிற ஒரு நச்சையும் விடுகின்றன. உடம்பு உடனே படையெடுக்கிறது. சிவப்பு, வீக்கம், தோல் வெடிப்பு, அரிப்பு எல்லாமே அந்தச் சண்டையின் விளைவு. பிஎச் மட்டும் பெரும்பாலும் மாறாமல் 4.5க்குள்ளேயே நிற்கும்.

வாடை ஏன் சேர்ந்த பிறகு மட்டும் அதிகமா வருது? ரொம்ப வெட்கமா இருக்கு.

வெட்கப்பட ஒன்றுமில்லை, இது முழுக்க வேதியியல். பி.வி. பாக்டீரியாக்கள் அமீன்கள் என்ற பொருள்களை உண்டாக்குகின்றன. அதில் ஒன்று ட்ரைமெத்திலமீன், கெட்டுப்போகிற மீனில் வாடை வருவதும் இதனால்தான். புளிப்பான இடத்தில் அமீன்கள் கரைந்து அடங்கிக் கிடக்கும், புளிப்பு குறைந்ததும் ஆவியாகி மேலே வரும். மீன் கழுவும்போது எலுமிச்சையோ புளியோ போட்டால் வாடை அடங்குகிறதே, அதே கணக்கு. விந்து புளிப்பைக் குறைக்கிறது, மாதவிலக்கு ரத்தமும் குறைக்கிறது, அதனால் அந்த நேரங்களில் வாடை கிளம்புகிறது. குளிக்காததால் வருவதில்லை. இதை முக்கியமாகச் சொல்லக் காரணம், பல பெண்கள் தங்களிடம் சுத்தம் போதவில்லை என்று நினைத்து உள்ளே சோப்பும் கிருமிநாசினியும் ஊற்றிக் கழுவுகிறார்கள், அது மிச்சமிருக்கிற லாக்டோபேசில்லஸையும் கழுவித் தள்ளிவிடுகிறது.

மூணு தடவை ப்ளூகோனசோல் 150 மாத்திரை போட்டுட்டேன், போகவே மாட்டேங்குது. மருந்து டூப்ளிகேட்டா?

மருந்து சரியாகவே இருந்திருக்கும், நோய்தான் வேறாக இருந்திருக்கும். இதே மாதிரி வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முப்பத்திரண்டு வயது, ரெண்டு பிள்ளைகள், துணிக்கடையில் வேலை. நாலு மாதமாக வாடை. கடையில் பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று தள்ளித்தள்ளி நிற்கிறேன் என்று சொன்னார். மருந்துக்கடையில் வெள்ளைப்படுதல் என்றதும் ப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து, 150 மில்லிகிராம் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பத்து நாள் கழித்து இன்னொன்று, அடுத்த மாதம் இன்னொன்று. இடையில் வாசனை வாஷ் ஒன்றும் வாங்கித் தினமும் உள்ளே கழுவியிருக்கிறார்.

பரிசோதனையில் சிவப்பில்லை, வீக்கமில்லை. சுவர் முழுக்க மெல்லிய பால் பூசினாற்போல ஒரே சீராகப் படிந்திருந்தது. பக்கச் சுவரில் பிஎச் தாளைத் தொட்டு எடுத்தேன், 5க்கு மேல் காட்டியது. கருப்பை வாயருகே தொட்டால் அங்குள்ள சளி எண்ணைக் கூட்டிக் காட்டும், அதனால்தான் பக்கச் சுவர். எடுத்த திரவத்தில் பத்து சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டதுமே கருவாட்டு வாடை எழுந்தது, அது புளிப்பைப் போக்குகிற பொருள், புளிப்பு குறைந்தால் அமீன் ஆவியாகும் என்று மேலே சொன்னேனே, அதைத்தான் இங்கே வேண்டுமென்றே செய்கிறோம். இன்னொரு துளியை உப்புநீரில் கலந்து நுண்ணோக்கியில் வைத்தோம். சாதாரண செல் என்றால் ஓரம் கோடு போட்டது போலத் தெளிவாக இருக்கும். இவருடைய செல்களின் மேல் மிளகுத்தூள் தூவினாற்போல பாக்டீரியா அப்பி, ஓரமே மங்கிப் போயிருந்தது. இதை க்ளூ செல் என்பார்கள். சீரான படிவு, பிஎச் 4.5க்கு மேல், வாடைச் சோதனை, க்ளூ செல் என்ற நாலில் மூன்று இருந்தாலே பி.வி. என்று முடிவு செய்யலாம், 1983இலிருந்து உள்ள அளவுகோல் இது. இவருக்கு நாலும் இருந்தது.

மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம், காலை ஒன்று ராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு, ஏழு நாள். வாயில் இரும்புச் சுவை வரும், குமட்டும், அதற்காக நிறுத்தக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். நாலாம் நாளே வாடை போய்விட்டது. மாத்திரையை அப்போது நிறுத்தாமல் ஏழு நாளும் முடித்தார், அதுதான் சரி.

பூஞ்சை மாத்திரை பாக்டீரியாவை ஏன் கொல்லாது? மருந்துன்னா மருந்துதானே?

ஒவ்வொரு மருந்தும் அந்தக் கிருமியிடம் மட்டும் இருக்கிற ஏதோ ஒன்றைப் பிடித்துத்தான் அடிக்கும். பூஞ்சையின் செல் சவ்வு எர்கோஸ்டிரால் என்ற கொழுப்பால் உறுதியாக இருக்கிறது. ப்ளூகோனசோலும் க்ளோட்ரிமசோலும் அந்த எர்கோஸ்டிராலைத் தயாரிக்க விடாமல் தடுக்கின்றன, சவ்வு பலவீனமாகிப் பூஞ்சை வளராமல் நின்றுவிடும். பி.வி. பாக்டீரியாவிடம் எர்கோஸ்டிராலே கிடையாது, அதனால் மூன்று மாத்திரை என்ன, முப்பது போட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

மெட்ரோனிடசோல் வேறு விதம். அது உள்ளே போகும்போது வேலை செய்யாத நிலையில்தான் போகிறது. ஆக்சிஜன் இல்லாமல் வாழ்கிற கிருமிகளின் உள்ளே நடக்கிற வேதிமாற்றம்தான் அதைக் கொல்லும் மருந்தாக மாற்றுகிறது, மாறிய பிறகு அது அந்தக் கிருமியின் மரபணுவை உடைக்கிறது. கேண்டிடாவுக்குள் அந்த மாற்றம் நடப்பதில்லை, எனவே பூஞ்சை அசையாது. லாக்டோபேசில்லஸையும் அது பெரிதாகத் தொடுவதில்லை, இது நமக்குப் பெரிய லாபம், ஏனென்றால் காவல்காரர் திரும்ப வந்தால்தான் பி.வி. போய்ச் சேரும். மெட்ரோனிடசோல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு க்ளிண்டமைசின் இரண்டு சதவீத க்ரீம் ஏழு இரவு கொடுக்கலாம். அந்த க்ரீமில் இருக்கிற எண்ணெய் ஆணுறையைப் பலவீனப்படுத்தும், அதை நம்பிக் கருத்தடை செய்கிறவர்கள் முடித்த பிறகும் சில நாள் கவனமாக இருக்க வேண்டும்.

அப்போ ரெண்டுக்கும் சேர்த்து வர்ற கிட் வாங்கிப் போட்டா முடிஞ்சதே?

அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய் சிகிச்சை மையங்களில் பச்சை நிறக் கிட் ஒன்று உண்டு. மெட்ரோனிடசோல் வகையைச் சேர்ந்த செக்னிடசோல் 2 கிராமும் ப்ளூகோனசோல் 150 மில்லிகிராமும் அதில் இருக்கும். நுண்ணோக்கி இல்லாத இடத்தில், அந்தப் பெண் மறுபடி வருவாரா என்றே தெரியாத நிலையில், இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது யோசித்து வகுத்த வழி, அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

நீங்களாகவே கடையில் மாதாமாதம் வாங்கிப் போடுவதுதான் பிரச்சினை. ஒருதடவை சரியாகும், அடுத்து வரும்போது என்ன வந்தது என்றே யாருக்கும் தெரியாது. இன்னும் மோசமானது மூன்று நான்கு மருந்து கலந்த வெளிப்பூச்சு க்ரீம், அதில் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். பூசிய ரெண்டாம் நாள் அரிப்பு அடங்கும், நிறுத்தினதும் இரட்டிப்பாகத் திரும்பும், தோல் மெலிந்து தொடை இடுக்கு வரை பரவும். அந்த டியூபைப் பையில் போட்டு எடுத்து வாருங்கள், என்ன பூசினீர்கள் என்று தெரிந்தாலே எங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

வாடைக்கு மாத்திரை சாப்பிட்டேன், வாடை போச்சு, இப்போ அரிக்குது. தப்பா மருந்து கொடுத்துட்டீங்களா?

துணிக்கடைப் பெண்ணும் பத்தாம் நாள் போனில் இதையேதான் கேட்டார். வரச்சொல்லிப் பார்த்தேன். இந்த முறை வெளியிதழ்கள் சிவந்து வீங்கியிருந்தன, சுவரில் அங்கங்கே தயிர்க்கட்டி போல ஒட்டியிருந்தது. பிஎச் தாள் 4 காட்டியது, வாடைச் சோதனையில் ஒன்றும் இல்லை, நுண்ணோக்கியில் கொடி படர்ந்தாற்போல பூஞ்சை இழைகள். பி.வி. போய்விட்டது, அதன் பின்னால் கேண்டிடா வந்திருக்கிறது. ஆன்டிபயாடிக் எடுத்த பிறகு சிலருக்கு இப்படி நடப்பது தெரிந்த விஷயம். தொண்டை வலிக்கோ பல்லுக்கோ ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகும் இப்படி வரலாம்.

க்ளோட்ரிமசோல் 100 மில்லிகிராம் மாத்திரையை ஆறு இரவு படுக்கும்போது உள்ளே வைக்கச் சொன்னேன், அரிப்பு சரியாகிவிட்டது. ப்ளூகோனசோல் ஒரு மாத்திரையும் அதே பலன் தரும், வாய்வழியா உள்ளே வைப்பதா என்பது உங்கள் வசதி. இதில் கவனிக்க வேண்டியது, முதல் தடவை அவரிடம் வேலை செய்யாத அதே பூஞ்சை மருந்து வகை இரண்டாம் தடவை வேலை செய்தது. ஆள் அவரேதான், நோய்தான் மாறியிருந்தது. அந்த அரிப்பைப் பார்த்துப் பயந்து மெட்ரோனிடசோலையே இன்னொரு வாரம் நீட்டியிருந்தால் அவதிதான் கூடியிருக்கும்.

எனக்கு சுகர் இருக்கு, வருஷத்துல நாலஞ்சு தடவை அரிப்பு வருது. என்ன செய்ய?

முதலில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். அது கட்டுக்குள் வராமல் பூஞ்சை மருந்து மட்டும் நிற்காது. அடுத்து உங்கள் சர்க்கரை மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போல க்ளிஃப்ளோசின் என்று முடிகிற பெயர் இருந்தால் அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிற மருந்து. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது, இப்போது நிறையப் பேருக்கு எழுதுகிறார்கள். ஆனால் அந்த இடம் எப்போதும் சர்க்கரை பட்ட ஈரமாக இருப்பதால் கேண்டிடா திரும்பத் திரும்ப வரலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் இந்தத் தொந்தரவைச் சொல்லுங்கள், அவருக்கு இது தெரியாமலே இருக்கலாம், ஏனென்றால் சர்க்கரை டாக்டரிடம் யாரும் இதைச் சொல்வதில்லை.

வருடத்தில் மூன்று தடவைக்கு மேல் வந்தால் ஒருமுறையாவது கல்ச்சர் செய்து எந்த வகைக் கேண்டிடா என்று பார்க்க வேண்டும். வழக்கமான ஆல்பிகன்ஸ் என்றால் ப்ளூகோனசோல் 150 முதல் நாள், நாலாம் நாள், ஏழாம் நாள், அப்புறம் வாரம் ஒன்று என்று ஆறு மாதம். ஒரு மாத்திரை அந்த இடத்தில் மூன்று நாள் போல நிற்கும், அந்த மூன்று நாள் இடைவெளி அதனால்தான். க்ளாப்ரேட்டா என்ற வகை என்றால் இந்த மருந்துக்கு அது சரியாக அடங்காது, போரிக் அமிலம் 600 மில்லிகிராம் கேப்ஸ்யூல் இரண்டு வாரம் உள்ளே வைப்பது போன்ற வேறு வழி பார்ப்போம். போரிக் அமிலத்தை வாயில் போட்டால் விஷம், கர்ப்பத்தில் கூடவே கூடாது, எனவே டாக்டர் சொல்லாமல் அதைத் தொடாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் ப்ளூகோனசோலோ மெட்ரோனிடசோலோ தொடங்கும் முன் கட்டாயம் சொல்ல வேண்டும், இரண்டுமே ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும்.

இது வீட்டுக்காரர்கிட்ட இருந்து வந்ததா? அவருக்கும் மருந்து கொடுக்கணுமா?

கேண்டிடாவுக்கு வழக்கமாக வேண்டாம். அவருக்கு ஆணுறுப்பின் நுனியில் சிவப்போ அரிப்போ இருந்தால் மட்டும் க்ரீம்.

பி.வி.யில் விஷயம் இப்போதுதான் மாறிக்கொண்டிருக்கிறது. பல வருடங்களாக ஆண்களுக்குச் சிகிச்சை தேவையில்லை என்றுதான் நாங்களும் சொல்லிவந்தோம், வெறும் மாத்திரை கொடுத்துப் பார்த்த பழைய ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. ஆனால் பி.வி. திரும்பி வருவது மிகவும் அதிகம், ஒரு வருடத்துக்குள் பாதிப்பேருக்கு மேல் மறுபடி வருகிறது. 2025இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று வெளியானது. ஒரே துணையோடு வாழ்கிற, பி.வி. உள்ள பெண்கள். ஒரு பிரிவில் ஆணுக்கும் மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம் ரெண்டு வேளையும், ஆணுறுப்பின் தோலில் பூச க்ளிண்டமைசின் க்ரீம் ரெண்டு வேளையும் ஏழு நாள் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்குள் அந்தப் பிரிவில் 35 சதவீதப் பெண்களுக்குத்தான் பி.வி. திரும்பியது, பெண்ணுக்கு மட்டும் கொடுத்த பிரிவில் 63 சதவீதம். இங்கே க்ரீம்தான் சூட்சுமம் என்று நினைக்கிறேன், கிருமிகள் தோல் மடிப்பிலும் இருக்கின்றன, மாத்திரை மட்டும் அங்கே போதவில்லை.

துணிக்கடைப் பெண்ணுக்கு மூன்றாம் மாதம் வாடை திரும்பியபோது கணவரையும் வரச்சொன்னேன், இருவருக்கும் ஒரே வாரத்தில் மருந்து, அந்த வாரம் சேரவேண்டாம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது வரவில்லை. ஒருவரை வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன், ஆனால் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு இப்போது இதைத்தான் முதலில் எடுத்துப் பேசுகிறேன்.

இதற்காக அவரைச் சந்தேகப்படாதீர்கள், அவரும் உங்களைச் சந்தேகப்பட ஒன்றுமில்லை. சேர்க்கையின் மூலம் கிருமி பரிமாறப்படுகிறது என்பது உண்மை, ஆனால் பி.வி. வந்ததை வைத்து யாருக்கும் வெளியில் தொடர்பு என்று சொல்லவே முடியாது.

தயிர், வேப்பிலைத் தண்ணி, மஞ்சள் வச்சா சரியாகுமா?

தயிரைச் சாப்பிடுங்கள், உள்ளே வைக்காதீர்கள். தயிரில் இருக்கிற பாக்டீரியா வகை வேறு, யோனியில் குடியிருக்கிற வகை வேறு, அங்கே போட்டால் தங்காது. வேப்பிலைத் தண்ணீரும் மஞ்சளும் கிழிந்து சிவந்த தோலில் பட்டால் எரிச்சலைத்தான் கூட்டும். பூண்டு வைத்துப் புண்ணாக்கிக்கொண்டு வந்தவரையும் பார்த்திருக்கிறேன். வெளியே வெறும் தண்ணீர் போதும், உள்ளே எதையும் விட்டுக் கழுவவே வேண்டாம். பருத்தி உள்ளாடையும் ஈரத்துணியோடு இருக்காமல் பார்த்துக்கொள்வதும் அரிப்புக்குக் கொஞ்சம் ஆறுதல் தரும், பி.வி.க்கு அதனால் பெரிய மாற்றமில்லை.

ஆறு மாசம் கர்ப்பம். மாத்திரை போடலாமா?

கேண்டிடா என்றால் வாய்வழி ப்ளூகோனசோல் வேண்டாம், க்ளோட்ரிமசோலை ஏழு இரவு உள்ளே வைப்பதுதான் வழி. குச்சி போன்ற கருவி இல்லாமல் விரலாலேயே வைக்கலாம். பி.வி. அறிகுறியோடு இருந்தால் மெட்ரோனிடசோல் வாய்வழியாகவே கொடுப்போம். பி.வி. உள்ளவர்களுக்குக் குறைமாதப் பிரசவம் சற்று அதிகம் என்று தெரிந்திருப்பதால் வாடை இருந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் சொல்லுங்கள். தண்ணீர் மாதிரி திடீரென்று கொட்டினால் அது வெள்ளைப்படுதல் இல்லை, பனிக்குடம் உடைந்திருக்கலாம், அன்றே போக வேண்டும்.

எனக்கு 58 வயசு, மாதவிலக்கு நின்னாச்சு. எனக்கும் அரிக்குதே?

உங்கள் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் கிளைகோஜனும் குறையும், லாக்டோபேசில்லஸும் குறையும், பிஎச் தானாகவே ஏறும். எனவே பிஎச் தாளை வைத்து பி.வி. என்று சொல்ல முடியாது. சர்க்கரை இல்லாதவர் என்றால் பூஞ்சையைவிட வறட்சியும் தோல் நோயும்தான் அதிகம். பூஞ்சை க்ரீம் பூசிக்கொண்டே மாதக்கணக்கில் இருக்காமல் ஒருதடவை காட்டுங்கள். ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே வாருங்கள்.

எப்போ உடனே போகணும்?

அடிவயிற்று வலியோடு காய்ச்சல், இடையில் ரத்தம், கொப்புளமோ புண்ணோ, பச்சை மஞ்சளாக நுரைத்துப் படுவது. கடைசியாகச் சொன்னது ட்ரைக்கோமோனாஸ் என்ற மூன்றாவது ஒரு நோயாக இருக்கலாம். அதிலும் வாடையும் பிஎச் உயர்வும் உண்டு, மருந்தும் மெட்ரோனிடசோல்தான், ஆனால் அது பால்வினை நோய், துணைக்குக் கட்டாயம் சிகிச்சை வேண்டும்.

எனக்குக் கல்யாணம் ஆகல. உள்ள கருவி விட்டுப் பார்ப்பாங்களோன்னு பயமா இருக்கு, அதான் போகல.

கருவி தேவையில்லை. பஞ்சு சுற்றிய மெல்லிய குச்சியால் வாசலிலேயே தொட்டு எடுத்தால் பிஎச்சும் ஸ்லைடும் பார்த்துவிடலாம், அந்தக் குச்சியை உங்கள் கையில் கொடுத்து நீங்களே எடுத்து வரச் சொல்லவும் முடியும். உள்ளே போனதும் "நான் இன்னும் கல்யாணம் ஆகாதவள், கருவி வைக்க வேண்டாம், நானே எடுத்துத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். வருவதற்கு முந்தின நாளும் அன்றும் உள்ளே எதுவும் வைக்காமல், கழுவாமல், மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்து வந்தால் சோதனை சரியாக வரும். நுண்ணோக்கி அங்கேயே இருந்தால் கால் மணி நேரத்தில் எது என்று தெரிந்துவிடும்.